சட்டையை மாற்றினால் மச்சமும் மறைவது ஏன்? போட்டோவில் டாட்டூ, தழும்பு அப்படியே இருக்க என்ன வழி?

"போட்டோ நல்லா இருக்குடி. ஆனா கழுத்துல இருந்த மச்சம் எங்க போச்சு?"

வேலைக்கு விண்ணப்பிக்க ஒரு ஃபார்மல் போட்டோ தேவை. கையில் இருப்பதோ டி-ஷர்ட்டில் எடுத்த படம். ஏஐ செயலி ஒன்றில் படத்தைக் கொடுத்து, காலர் வைத்த சட்டையாக மாற்றச் சொன்னால் அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. சட்டை கச்சிதம், முகமும் அதே முகம். ஆனால் வீட்டில் காட்டியதும் அம்மா கேட்கும் முதல் கேள்வி இப்படி வருகிறது. உற்றுப் பார்த்தால் மச்சம் மட்டுமல்ல, கையில் இருந்த தழும்பும் காணோம். மணிக்கட்டில் பச்சை குத்திய பெயர், எந்த மொழியிலும் சேராத கிறுக்கலாக மாறியிருக்கிறது.

மாற்றச் சொன்னது சட்டையைத்தான். பிறகு தோல் ஏன் மாறியது? அதை மாறாமல் வைத்திருக்க என்ன செய்ய வேண்டும்?

ஸ்டுடியோ 'கோட்டு'க்கும் ஏஐ சட்டைக்கும் என்ன வித்தியாசம்?

போட்டோவில் உடை மாற்றுவது நம் ஊருக்குப் புதிதல்ல. சட்டையோடு போய் உட்கார்ந்தவருக்குக் கோட்டும் டையும் மாட்டிக் கொடுப்பதைத் தெருமுனை ஸ்டுடியோக்கள் பல வருடங்களாகச் செய்கின்றன. அங்கே தயாராக வெட்டி வைத்த கோட்டு படம் ஒன்று இருக்கும். அதை எடுத்து உங்கள் படத்தின் மேல் வைத்து, தோள் அளவுக்கு இழுத்துப் பொருத்துவார்கள். பார்த்தால் ஒட்டுப்போட்டது தெரியும். ஆனால் கோட்டுக்கு மேலே தெரியும் கழுத்து உங்களுடைய அசல் கழுத்து. அதை யாரும் தொடவே இல்லை.

ஏஐ இப்படி வேலை செய்வதில்லை. அது சட்டையை மேலே வைப்பதில்லை, அந்த இடத்தையே புதிதாக வரைகிறது. சட்டையை ஒட்டியிருக்கும் கழுத்தும் கையும் அந்த இடத்துக்குள் வந்துவிட்டால், அவற்றையும் சேர்த்து வரைந்துவிடும். நீங்கள் பார்ப்பது உங்கள் கை போலவே இருக்கும் வேறொரு கை.

கையை எதற்கு அழிக்கிறது?

உடை மாற்றிக் காட்டுவதற்கென்றே உருவான 'விர்ச்சுவல் ட்ரை-ஆன்' ஆய்வுகளில் இதற்கு விடை இருக்கிறது. 2018-ல் வெளியான விட்டன், 2021-ல் வெளியான விட்டன்-எச்டி ஆகிய இரண்டும் இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படும் பெயர்கள்.

இந்த வகை முறைகள் முதலில் படத்தில் இருப்பவரின் பழைய உடையைப் பற்றிய தடயங்களை அழிக்கப் பார்க்கின்றன. விட்டன்-எச்டியில் உடை இருக்கும் பகுதியோடு கைகளின் பகுதியும் சாம்பல் நிறத்தால் மூடப்படுகிறது. தலையும் உள்ளங்கை, விரல்களும் விட்டுவைக்கப்படுகின்றன. விரல்களை விட்டுவைப்பதற்குக் காரணம், அவற்றைத் திரும்ப வரைவது கஷ்டம் என்பதே.

கையை மூடுவதற்கும் காரணம் உண்டு. பழைய சட்டை அரைக்கை என்று வைத்துக்கொள்வோம். கை அப்படியே தெரிந்தால், ஸ்லீவ் எங்கே முடிந்தது என்ற கோடும் தெரியும். புதிதாக வரையும் முழுக்கைச் சட்டையும் அந்தக் கோட்டிலேயே நின்றுவிட வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் கையோடு சேர்த்து மூடிவிட்டு, உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவலை மட்டும் தனியாகக் கொடுத்து வரையச் சொல்கிறார்கள்.

அதாவது டாட்டூ அழிந்தது தவறி நடந்த பிழை அல்ல. புதுச் சட்டை சரியாக உட்காருவதற்காக வேண்டுமென்றே அழித்த இடத்தில் டாட்டூவும் இருந்துவிட்டது. மூடிய இடத்தில் என்ன இருந்தது என்று வரையும் மாடலுக்குத் தெரியாது. எனவே எல்லோருக்கும் பொருந்துகிற, எந்த அடையாளமும் இல்லாத தோலை வரைந்து வைக்கிறது.

மூடாத இடத்திலும் மச்சம் மங்குவது எப்படி?

சில நேரம் கழுத்தை மூடாமலே விட்டிருப்போம். அப்படியும் மச்சம் மங்கிப்போகும். இதற்குக் காரணம் வேறு.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மாடல்கள் படத்தை அப்படியே கையாளுவதில்லை. முதலில் அதைச் சுருக்கிக்கொள்கின்றன. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் ஆரம்பப் பதிப்புகளில், அகலத்தில் 8 பிக்சல், உயரத்தில் 8 பிக்சல் கொண்ட ஒரு கட்டம், வெறும் 4 எண்களாகச் சுருங்குகிறது. வேலை முடிந்ததும் அந்த எண்களிலிருந்து படம் திரும்ப விரிக்கப்படுகிறது. மூடாத பகுதியும் இந்தச் சுருக்கி விரிக்கும் பாதையில் போய் வந்தால், நுணுக்கமான விவரங்கள் கொஞ்சம் கரைந்துதான் வரும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். போன் கேமராவில் எடுத்த படம் 3000-க்கு 4000 பிக்சல். அதில் கழுத்து மச்சத்தின் அகலம் 12 பிக்சல். பல செயலிகள் வேலையைத் தொடங்கும் முன்பே படத்தைச் சிறிதாக்கிவிடும். நீளமான பக்கத்தை 1024 பிக்சலாக்கினால், 12 பிக்சல் மச்சம் 3 பிக்சல் ஆகிவிடும். ஒரு கட்டமே 8 பிக்சல் என்னும்போது, மச்சம் அதில் பாதிகூட இல்லை. திரும்ப விரியும்போது அது லேசான நிழல் போல வரலாம், வராமலும் போகலாம்.

"மச்சத்தை மாற்றாதே" என்று எழுதிக் கேட்டால் போதாதா?

பலரும் முதலில் முயல்வது இதைத்தான். உதவாது என்று சொல்ல முடியாது, ஆனால் நம்பி இருக்க முடியாது. கழுத்தின் இடது பக்கம் மச்சம் வேண்டும் என்று எழுதினால், ஒரு மச்சம் வரும். அது உங்கள் மச்சமாக இருக்காது. அரை அங்குலம் தள்ளியோ, கொஞ்சம் பெரிதாகவோ, வேறு நிறத்திலோ இருக்கும். தழும்புக்கும் இதே கதைதான். எழுத்தாகப் பச்சை குத்தியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். மாடலுக்கு அது எழுத்து அல்ல, வளைந்த கோடுகள். சுழியும் காலும் இடம் மாறிப் பெயரே கெட்டுவிடும்.

ஆகவே வழி ஒன்றுதான். தோலைத் திரும்ப வரையச் சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டு, அசல் படத்தில் இருக்கும் தோலையே எடுத்துத் திரும்ப வைக்க வேண்டும். ஏஐயிடமிருந்து துணியை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்டுடியோக்காரர் கோட்டை மேலே வைத்த அதே தத்துவம்.

முதலில் தோலை மூன்றாகப் பிரியுங்கள்

எடிட் செய்ய உட்காரும் முன், படத்தில் உள்ள ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பழைய உடையில் இது தெரிந்ததா, புது உடையில் தெரியுமா? இதற்கு மூன்று விடைகள் முக்கியம்.

முன்பும் தெரிந்தது, இனியும் தெரியும் என்றால் அதை அசல் படத்திலிருந்து அப்படியே கொண்டுவர வேண்டும். முன்பு தெரிந்தது, இனி துணிக்குள் போய்விடும் என்றால் கவலையே இல்லை, விட்டுவிடலாம். முன்பு துணிக்குள் இருந்தது, இனி வெளியே தெரியும் என்றால் அங்கேதான் சிக்கல். அந்தத் தோல் இந்தப் படத்தில் இல்லவே இல்லை. ஏஐ எதை வரைந்தாலும் அது கற்பனைதான்.

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். படத்தில் ஒரு பெண், இடுப்பு வரை தெரிகிறார். வட்டக் கழுத்து, அரைக்கை டி-ஷர்ட். கழுத்தின் இடது பக்கம் பிறவியிலேயே வந்த மச்சம். இடது மணிக்கட்டுக்கு மேலே அம்மாவின் பெயரைத் தமிழில் பச்சை குத்தியிருக்கிறார். வலது முழங்கைக்குக் கீழே சின்ன வயதில் எண்ணெய் தெறித்த தழும்பு. வலது மேற்கையில் ஒரு பட்டாம்பூச்சி டாட்டூ, அதில் கீழ்ப்பாதி மட்டும் டி-ஷர்ட் ஸ்லீவுக்கு வெளியே தெரிகிறது. இவருக்கு வேண்டியது வெள்ளை நிறக் காலர் சட்டை, கை முழங்கை வரை மடித்துவிட்டது போல.

இப்போது பிரித்துப் பாருங்கள். மச்சம், அம்மா பெயர், தழும்பு மூன்றும் முதல் வகை. பட்டாம்பூச்சி இரண்டாம் வகை, சட்டைக்குள் போய்விடும். மூன்றாம் வகையில் எதுவும் இல்லை. எனவே இந்த ஒரே படத்தை வைத்து நேர்மையாக வேலையை முடிக்க முடியும். அவரே ஸ்லீவ்லெஸ் உடை கேட்டிருந்தால், பட்டாம்பூச்சியின் மேல்பாதி தேவைப்பட்டிருக்கும். அது இந்தப் படத்தில் கிடையாது.

துணியை மட்டும் வாங்குவது

முதல் வேலை, அசல் படத்தின் ஒரு பிரதியைத் தொடாமல் தனியாக எடுத்து வைப்பது. வாட்ஸ்அப்பில் வந்த படமாக இருந்தால் அது ஏற்கெனவே சுருங்கிய படம். போனில் இருக்கும் மூலப் படத்தையே எடுங்கள். இன்னொருவரிடமிருந்து வாங்குவதாக இருந்தால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்து, ஏஐ எங்கே வரையலாம் என்று காட்டுவது. செயலி மாஸ்க் போட அனுமதித்தால், அதாவது மாற்ற வேண்டிய இடத்தை விரலாலோ மவுஸாலோ பூசிக் காட்ட விட்டால், டி-ஷர்ட்டையும் புதுச் சட்டை போய் மூடவேண்டிய இடத்தையும் மட்டும் பூசுங்கள். நம் உதாரணத்தில் மேற்கை முழுவதும், கழுத்தின் அடிப்பகுதியும் பூசப்படும். முழங்கைக்குக் கீழே பூச வேண்டியதில்லை. காலர் நிற்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் தாராளம் தேவை. ரொம்ப நெருக்கிப் பூசினால் காலர் நசுங்கி, கழுத்தில் ஒட்டிய பட்டை போல வரும்.

போட்டோஷாப்பில் `Generative Fill` பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அது வரைந்ததைப் பழைய படத்தின் மேல் தனி லேயராகவே வைக்கிறது. அடியில் அசல் படம் பத்திரமாக இருக்கும். எழுதிக் கேட்டால் முழுப் படத்தையும் திருப்பித் தரும் செயலிகளில் அப்படி இல்லை. அங்கே முகம் உட்பட எல்லாமே திரும்ப வரைந்ததாக இருக்கலாம். அதிலிருந்தும் துணியை மட்டும் எடுக்க முடியும். ஆனால் அடுத்த கட்டத்தில் கொஞ்சம் கூடுதல் வேலை இருக்கும்.

அசல் தோலைத் திரும்பக் கொண்டுவருவது

இதற்கு லேயரும் மாஸ்க்கும் உள்ள எந்த எடிட்டரும் போதும். பிரவுசரிலேயே இலவசமாகத் திறக்கும் போட்டோபீ போதுமானது.

அசல் படத்தை அடியில் வையுங்கள். ஏஐ தந்த படத்தை அதன் மேல் இன்னொரு லேயராக வைத்து, அசலின் அளவுக்கே நீட்டுங்கள். மேல் லேயரை அரைகுறையாகத் தெரியும்படி மங்கலாக்கி, காது, மணிக்கட்டு, கைக்கடிகாரம் போன்ற மாறாத இடங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காருகின்றனவா என்று பாருங்கள். உட்கார்ந்ததும் மங்கலை நீக்கிவிடலாம்.

இனி மேல் லேயருக்கு ஒரு மாஸ்க் சேர்த்து, தோல் இருக்கும் இடங்களில் கறுப்பு பிரஷ்ஷால் பூச வேண்டும். கறுப்பு பூசிய இடத்தில் ஏஐ படம் மறைந்து, அடியிலிருக்கும் அசல் தெரியும். முகம், கழுத்து, முன்கை, விரல்கள் என்று ஒவ்வொன்றாகப் பூசிக்கொண்டே வந்தால், மச்சமும் அம்மா பெயரும் தழும்பும் அசல் படத்தில் எப்படி இருந்தனவோ அப்படியே திரும்ப வரும். கடைசியில் ஏஐயிடமிருந்து மிஞ்சுவது துணி மட்டுமே.

பிரஷ் எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஓரம் தெரியக்கூடாது என்று பெரிய, மெத்தென்ற பிரஷ்ஷை எடுத்தால், ஓரத்தில் அசல் தோல் பாதி, ஏஐ தோல் பாதி என்று கலந்துவிடும். தழும்பு அந்தக் கலப்புக்குள் இருந்தால் ஆவி போல மங்கலாகத் தெரியும். 3000-க்கு 4000 படத்தில் 2, 3 பிக்சல் மென்மை போதும். அந்த ஓரமும் தோலின் நடுவே வராமல், துணி முடியும் கோட்டிலேயே வர வேண்டும். துணிக்கும் தோலுக்கும் நடுவே இயல்பாகவே ஒரு கோடு இருக்கிறது, ஒட்டு அங்கே ஒளிந்துகொள்ளும்.

எங்கெல்லாம் இடிக்கும்?

நம் உதாரணத்தில் முதலில் இடிக்கப்போவது காலர். ஏஐ வரைந்த காலர் கொஞ்சம் உயரமாக வந்து, மச்சத்தில் பாதியை மூடிக்கொண்டு நிற்கலாம். அந்த நேரத்தில் மச்சத்தை வெட்டி எடுத்துக் கொஞ்சம் மேலே ஒட்டிவிடலாம் என்று கை பரபரக்கும். செய்யக்கூடாது. மச்சம் இருக்கும் இடம்தான் மச்சத்தின் அடையாளமே. மாற்ற வேண்டியது காலரை. மேல் பட்டன் திறந்த சட்டையாகவோ, உயரம் குறைந்த காலராகவோ திரும்ப வரைய வையுங்கள். அந்த உயரமான காலரே வேண்டும் என்றால், நிஜத்தில் மறைவது போலவே மச்சம் பாதி மறையட்டும். அது பொய் அல்ல.

இரண்டாவது இடம் தழும்பு. மடித்துவிட்ட சட்டைக் கை முடியும் இடத்துக்குப் பக்கத்திலேயே அது இருக்கிறது. இங்கே ஏஐ கையின் தடிமனையும் லேசாக மாற்றியிருக்கலாம். அசல் முன்கையைக் கொண்டுவந்ததும், சட்டைக் கை ஒரு அளவிலும் தோல் இன்னொரு அளவிலுமாக நின்று, கையின் ஓரம் இரட்டைக் கோடாகத் தெரியும். தோலை இழுத்து நீட்டிச் சட்டைக்குள் பொருத்தினால் தழும்பின் வடிவம் மாறிவிடும். எனவே இழுக்க வேண்டியது துணியை. நான்கைந்து பிக்சல் வித்தியாசம் என்றால் துணி லேயரை மட்டும் உள்ளே தள்ளலாம். அதற்கு மேல் என்றால், முழங்கைக்குக் கீழே மாஸ்க் போகாமல் பார்த்துக்கொண்டு, கை மடிப்பைத் திரும்ப வரைய வைப்பதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, நிழல். எல்லாம் சரியாகப் பொருந்திய பிறகும் சட்டை கழுத்தைத் தொடாமல் மிதப்பது போலத் தோன்றும். காரணம், நிஜத்தில் காலர் கழுத்தின் மேல் ஒரு மெல்லிய நிழல் போடும். அசல் கழுத்தில் அந்த நிழல் கிடையாது, அது டி-ஷர்ட்டில் எடுத்த கழுத்து. இதற்காக ஏஐ கழுத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புது லேயர் சேர்த்து, அதன் முறையை `Multiply` என்று வைத்து, தோல் நிறத்தைவிட இருண்ட பழுப்பை மெத்தென்ற பிரஷ்ஷால் காலர் ஓரமாக லேசாகத் தடவுங்கள். அடர்த்தி 20, 30 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். `Multiply` இருட்டை மட்டும் கூட்டும், அடியில் இருப்பதை மறைக்காது. நிழலுக்குள் இருந்தாலும் மச்சம் மச்சமாகவே தெரியும்.

நிறமும் பளபளப்பும் இன்னொரு பொறி. போனில் எடுத்த படத்தில் மெல்லிய புள்ளி புள்ளியான கரகரப்பு இருக்கும். ஏஐ துணியோ வழவழவென்று இருக்கும். இரண்டையும் ஒன்றாக்க, தோலை வழவழப்பாக்கும் ஃபில்டரைத் தட்டினால் அவ்வளவு வேலையும் வீண். குறிப்பாக, தோலைவிட ஒரு சாயல் மட்டுமே வேறுபடும் காபி நிறப் பிறவிக் குறிகள் முதலில் காணாமல் போகும். இங்கேயும் விதி அதேதான். தோலுக்கு ஏற்றபடி துணியை மாற்றுங்கள். துணி லேயருக்கு மட்டும் கொஞ்சம் `Noise` சேருங்கள், அதன் வெளிச்சத்தை மட்டும் கூட்டிக் குறையுங்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணால் பார்த்துச் சொல்வது நம்பகமல்ல. மச்சம் இருக்கும் என்று எதிர்பார்க்கும் கண், இல்லாத இடத்திலும் அதைப் பார்த்துவிடும். இதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது.

முதலில் நிழல் லேயரை மட்டும் அணைத்து வையுங்கள். அசல் படத்தின் இன்னொரு பிரதியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, அதன் முறையை `Difference` என்று மாற்றுங்கள். இரண்டு படமும் எங்கே ஒன்றாக இருக்கின்றனவோ, அந்த இடம் முழுக் கறுப்பாகத் தெரியும். எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே வெளிச்சம் தெரியும். சரியாகச் செய்திருந்தால், சட்டையின் உருவம் மட்டும் பளிச்சென்று தெரிய, முகமும் கழுத்தும் முன்கையும் கரிக்கட்டை போல இருக்க வேண்டும்.

கழுத்தில் சாம்பல் நிறப் புகை போல ஏதாவது தெரிந்தால், அங்கே இன்னும் ஏஐ தோல் மிச்சம் இருக்கிறது என்று பொருள். மாஸ்க்கில் அந்த இடத்தை இன்னொரு முறை பூசுங்கள். மங்கலான வித்தியாசம் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால், மேலே `Levels` சேர்த்து வெளிச்சத்தை நன்றாகக் கூட்டியும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

சோதனையை ஜேபிஜி ஆகச் சேமிக்கும் முன்பே செய்துவிட வேண்டும். ஜேபிஜி தன் பங்குக்கு எல்லா இடத்தையும் லேசாகச் சுருக்கும், அதன் பிறகு எங்கும் முழுக் கறுப்பு வராது. சோதனை முடிந்ததும் மேலே வைத்த பிரதியையும் `Levels`-ஐயும் நீக்கிவிட்டு, நிழல் லேயரைத் திரும்ப இயக்குங்கள். சேமித்த பிறகு 'குவாலிட்டியைக் கூட்டுகிறேன்' என்று சொல்லும் செயலிகளில் படத்தை மறுபடி போடாதீர்கள். அவையும் தோலைத் திரும்ப வரையக்கூடியவைதான்.

படத்தில் இல்லாத தோலுக்கு என்ன செய்வது?

மூன்றாம் வகைக்குத் திரும்புவோம். அதே பெண் ஸ்லீவ்லெஸ் குர்தா போட்டது போல வேண்டும் என்கிறார். டி-ஷர்ட் ஸ்லீவ் போனால் பட்டாம்பூச்சியின் மேல்பாதி வெளியே வர வேண்டும். ஏஐ இரண்டில் ஒன்றைச் செய்யும். கீழ்ப்பாதியோடு டாட்டூவை நறுக்கென்று முடித்துவிடும், அல்லது தானாகவே ஒரு இறக்கையை வரைந்து சேர்க்கும். இரண்டாவது பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் அது அவர் குத்திக்கொண்ட டாட்டூ அல்ல.

அந்தக் கை முழுதாகத் தெரியும் வேறொரு படம் இருந்தால் அதிலிருந்து எடுக்கலாம். ஆனால் இரண்டு படத்திலும் கை ஏறக்குறைய ஒரே கோணத்தில் திரும்பியிருக்க வேண்டும், வெளிச்சமும் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். மேற்கை உருளையானது. கோணம் மாறினால் டாட்டூவின் ஒரு ஓரம் சுருங்கியும் இன்னொரு ஓரம் விரிந்தும் தெரியும், ஒட்டினால் ஸ்டிக்கர் போல நிற்கும். ஜன்னல் பக்கம் நின்று அதே கோணத்தில் புதிதாக ஒரு படம் எடுத்துவிடுவது இதைவிடச் சுலபம். அதற்கும் வழியில்லை என்றால், டி-ஷர்ட் ஸ்லீவ் முடிந்த இடத்திலோ அதற்குக் கீழேயோ முடியும் உடையைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி. உடையின் அளவைப் படத்தில் இருக்கும் தோலே தீர்மானிக்கிறது.

எந்தப் படத்துக்கு இதெல்லாம் கூடாது?

ரெஸ்யூமே, லிங்க்ட்இன், நிறுவனத்தின் இணையதளம், ஆடை விற்கும் கடையின் கேட்லாக் போன்றவற்றுக்கு இந்த முறை பொருந்தும். பாஸ்போர்ட் போட்டோவுக்குப் பொருந்தாது. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் தரத்தை ஒட்டிய விதிகளின்படி, மென்பொருளால் மாற்றிய படம் அங்கே ஏற்கப்படாது. தோலை எவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றியிருந்தாலும், சட்டை மாறியதே மாற்றம்தான். அதற்கு வேண்டிய சட்டையைப் போட்டுக்கொண்டு நேரில் படம் எடுத்துக்கொள்வதுதான் வழி.

மச்சத்துக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றலாம். பள்ளியில் வாங்கிய மாற்றுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பெயர், பிறந்த தேதியோடு உடலில் உள்ள அடையாளங்களுக்கும் அதில் ஒரு இடம் ஒதுக்கியிருப்பார்கள். 'கழுத்தின் இடது பக்கம் ஒரு மச்சம்' என்ற மாதிரி ஒரு வரி அங்கே இருக்கும்.

டாட்டூவையோ தழும்பையோ மறைக்க விரும்புகிறவர்கள் மறைக்கலாம், அது அவரவர் விருப்பம். நீளமான ஸ்லீவைத் தேர்ந்தெடுத்தாலே போதும். இன்னொருவருடைய படத்தை எடிட் செய்கிறவர்கள் மட்டும், தொடங்கும் முன் அந்தக் கைக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்: "இதெல்லாம் அப்படியே இருக்கட்டுமா?"